முடிவுரை தரவைத் தாண்டும்போது மதிப்பீட்டு அறிக்கை எழுதுவது எப்படி?

சூழலியல் ஆய்விதழ் ஒன்றிலிருந்து முதல் முறையாக ஒரு கட்டுரை உங்களிடம் மதிப்பீட்டுக்கு வந்திருக்கிறது. களவேலை நன்றாக இருக்கிறது, படங்கள் தெளிவாக இருக்கின்றன. ஆனால் முடிவுரைக்கு வந்ததும் ஏதோ இடிக்கிறது. இரண்டு விஷயங்கள் சேர்ந்து காணப்பட்டதை மட்டும் வைத்துக்கொண்டு, ஒன்றுதான் மற்றதை உண்டாக்கியது என்று எழுதியிருக்கிறார்கள்.

என் முதல் அறிக்கையில் இதற்கு நான் எழுதியது ஒரே வரி: "ஒட்டுறவு இருப்பதால் காரணம் என்று சொல்ல முடியாது." எடிட்டர் அதைப் படித்துவிட்டு, வேறு எது காரணமாக இருக்கலாம், ஆசிரியர்கள் இப்போது என்ன செய்ய வேண்டும் என்று கேட்டு எழுதினார். என்னிடம் பதில் இல்லை. அந்த வரி எந்தக் கட்டுரைக்கும் பொருந்தும், அதனால்தான் எந்த ஆசிரியருக்கும் உதவாது. அந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் சொல்லும் அறிக்கையை எப்படி எழுதுவது என்று ஒரு எடுத்துக்காட்டை வைத்துப் பார்ப்போம். எடுத்துக்காட்டு நான் உருவாக்கியது. இதே அமைப்புள்ள கட்டுரைகள் மதிப்பீட்டுக்கு அடிக்கடி வரும்.

எடுத்துக்காட்டுக் கட்டுரை

ஆறு காட்டுத் துண்டுகள். ஒவ்வொன்றிலும் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் அளவில் பத்துக் கட்டங்கள், ஆக மொத்தம் 60. ஒவ்வொரு கட்டத்திலும் வெளியிலிருந்து வந்து பரவிய ஒரு புதர் தரையில் எத்தனை சதவீதத்தை மூடியிருக்கிறது என்று அளந்திருக்கிறார்கள், இயல் தாவர இனங்கள் எத்தனை என்று எண்ணியிருக்கிறார்கள். ஒரே பருவத்தில் ஒரே முறை எடுத்த கணக்கு. புதர் மூடலுக்கும் இன எண்ணிக்கைக்கும் ஒட்டுறவு −0.67. மூடல் 10 சதவீதம் கூடும்போது சராசரியாக 1.2 இனங்கள் குறைகின்றன.

கட்டுரையின் தலைப்பே "புதர்ப் படையெடுப்பு இயல் தாவரப் பன்மையைக் குலைக்கிறது" என்பதுதான். சுருக்கத்திலும் விவாதப் பகுதியிலும், புதரின் இலைகளிலிருந்து கசியும் வேதிப்பொருள்கள் மற்ற நாற்றுகளை முளைக்கவிடாமல் தடுக்கின்றன என்று வருகிறது. கடைசிப் பத்தி, புதரை அகற்றினால் இழந்த இனங்கள் திரும்பும், ஆகவே மேலாண்மைத் துறைகள் உடனே அகற்றும் பணியைத் தொடங்க வேண்டும் என்கிறது.

முதலில், எந்த வாக்கியம் எவ்வளவு தூரம் போகிறது என்று பாருங்கள்

முதல் வாசிப்பில் குறை தேடாதீர்கள். ஒரு தாளில் நடுவே கோடு போட்டு இரண்டாகப் பிரியுங்கள். இடது பக்கம் ஆசிரியர்கள் உண்மையில் என்ன அளந்தார்கள் என்பதை உங்கள் சொந்த வார்த்தையில் எழுதுங்கள். வலது பக்கம் அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதை வரி எண்ணோடு எழுதுங்கள். தலைப்பு, சுருக்கம், விவாதத்தின் முதல் பத்தி, முடிவுரையின் கடைசிப் பத்தி ஆகிய நான்கு இடங்களைப் பார்த்தாலே போதும். மிகை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

நம் எடுத்துக்காட்டில் இடது பக்கம் ஒரு வரியில் முடிந்துவிடும்: புதர் அதிகமுள்ள கட்டங்களில் இனங்கள் குறைவாக இருந்தன. வலது பக்கத்தில் மூன்று கூற்றுகள் வரும். ஒன்று, புதர் இனங்களைக் குறைத்தது. இரண்டு, வேதிப்பொருள் வழியாகக் குறைத்தது. மூன்று, புதரை எடுத்தால் இனங்கள் திரும்பும்.

இந்த மூன்றையும் ஒரே குற்றச்சாட்டில் அடக்கிவிடாதீர்கள். மூன்றும் மூன்று வகையான தாவல்கள். முதலாவதற்குத் தரவில் ஓரளவாவது பிடி இருக்கிறது, ஆராய்ந்து பார்க்கலாம். இரண்டாவதற்குத் தரவே கிடையாது. ஒரு இலையைக்கூட ஆய்வகத்துக்கு எடுத்துப் போகவில்லை. மூன்றாவது எதிர்காலத்தைப் பற்றியது. புதர்தான் இனங்களைக் குறைத்தது என்று நிரூபணமானாலும்கூட, எடுத்தால் திரும்பும் என்பது தானாக வராது. மண்ணில் விதை மிச்சம் இருக்கிறதா, விதை கொண்டுவரும் மரங்களோ பறவைகளோ பக்கத்தில் இருக்கின்றனவா என்பதையெல்லாம் பொறுத்தது அது.

"குறைக்கிறது", "குலைக்கிறது", "தாக்கம்" போன்ற சொற்களைக் கோப்பில் தேடி எண்ணிப் பார்ப்பதும் நல்லது. ஒரு எச்சரிக்கை: புள்ளியியல் மாதிரியில் வரும் "விளைவு" என்ற சொல் வெறும் கலைச்சொல். அதையும் பிடித்துக்கொண்டு சண்டை போட்டால் ஆசிரியர்கள் உங்களை முழுதாகப் படிக்க மாட்டார்கள்.

அடுத்து, அம்புக்குறிப் படம் போடுங்கள்

புதர், இயல் இனங்கள் என்று இரண்டு வட்டம் போடுங்கள். ஆசிரியர்கள் சொல்லும் அம்பு புதரிலிருந்து இனங்களுக்குப் போகிறது. இப்போது அதே −0.67ஐத் தரக்கூடிய மற்ற அம்புகளை வரையுங்கள்.

இனங்களிலிருந்து புதருக்கு ஓர் அம்பு போகலாம். இனங்கள் ஏற்கெனவே குறைந்துபோன வெற்றிடத்தில் புதர் எளிதாகப் புகுந்திருக்கலாம். இரண்டுக்கும் வெளியே மூன்றாவதாக ஒரு வட்டம் இருந்து, அதிலிருந்து இரண்டுக்கும் அம்பு போகலாம். மரம் வெட்டுதல், மேய்ச்சல், சாலை என எந்தத் தொந்தரவும் இயல் இனங்களைக் குறைக்கும், அதே சமயம் புதருக்கு வெளிச்சத்தையும் கிளறிய மண்ணையும் தரும்.

இந்தத் துறையில் இது பழைய கேள்விதான். அயல் தாவரம் மாற்றத்தை ஓட்டுகிறதா அல்லது வேறு ஏதோ ஓட்டும் வண்டியில் வெறும் பயணியா என்ற கேள்வியை 2005இல் மெக்டூகல், டர்கிங்டன் இருவரும் கனடாவின் ஓக் மரப் புல்வெளி ஒன்றில் சோதித்து வெளியிட்டார்கள். ஆதிக்கம் செலுத்திய அயல் புற்களை நீக்கிப் பார்த்தபோது விடை பெரும்பாலும் பயணி பக்கமே சாய்ந்தது. உங்கள் அறிக்கையில் இதைச் சுட்டலாம். ஆனால் அங்கே அப்படி என்பதால் இங்கேயும் அப்படியே என்று எழுதிவிடாதீர்கள். அது புல், இது புதர். மாற்று விளக்கம் வெறும் கற்பனை இல்லை, களத்தில் நிஜமாகவே நடக்கக்கூடியது என்று காட்டுவதோடு அதன் வேலை முடிந்தது.

பிறகு, மாற்று விளக்கத்தைக் கட்டுரையின் தரவிலேயே தேடுங்கள்

அறிக்கை கனம் பெறுவது இந்தக் கட்டத்தில்தான். இணைப்புக் கோப்புகளைத் திறந்து பாருங்கள். பலரும் திறப்பதே இல்லை. நம் கட்டுரையின் இணைப்பில் ஆய்விடங்களை விவரிக்கும் சாதாரண அட்டவணை ஒன்று இருக்கிறது. அதோடு கட்டங்களின் சராசரியைச் சேர்த்தால் இப்படி வருகிறது:

| துண்டு | சாலையிலிருந்து தொலைவு | புதர் மூடல் (%) | இனங்கள் (சராசரி) |
|---|---|---|---|
| அ | 60 மீ | 68 | 8.6 |
| ஆ | 90 மீ | 61 | 9.9 |
| இ | 40 மீ | 63 | 9.1 |
| ஈ | 1.2 கி.மீ | 24 | 15.8 |
| உ | 1.5 கி.மீ | 17 | 16.3 |
| ஊ | 1.4 கி.மீ | 19 | 16.5 |

இரண்டு விஷயங்கள் உடனே தெரிகின்றன. புதர் அதிகமுள்ள மூன்று துண்டுகளும் சாலையோரத்தில் இருக்கின்றன, குறைவாக உள்ள மூன்றும் ஒரு கிலோமீட்டருக்கு அப்பால். அடுத்தது, 60 புள்ளிகள் இருப்பதாகத் தோன்றினாலும் உண்மையில் இது இரண்டு கும்பல்களை ஒப்பிடும் ஆய்வுதான். கட்டுரையின் முதன்மைப் படத்தில் எல்லாப் புள்ளிகளும் ஒரே நிறம் என்பதால் இது கண்ணில் படவில்லை. ஒரே துண்டுக்குள் இருக்கும் பத்துக் கட்டங்களுக்கும் ஒரே சாலை, ஒரே வரலாறு. சாலையோரம் என்ற கேள்விக்கு அவை பத்துத் தனித்தனிச் சாட்சிகள் ஆக மாட்டா. சூழலியலில் இதற்குப் போலி மறுசெய்கை என்று பெயர். 1984இல் ஹர்ல்பர்ட் எழுதிய கட்டுரைக்குப் பிறகு எல்லோருக்கும் தெரிந்த பெயர், இருந்தும் இன்றுவரை தொடரும் பிழை.

தரவும் இணைக்கப்பட்டிருந்தால் பத்து நிமிடம் செலவிட்டு R மென்பொருளில் இந்த இரண்டு வரிகளை ஓட்டிப் பாருங்கள். இது உங்கள் கடமை இல்லை. ஆனால் இதைச் செய்த அறிக்கைக்கும் செய்யாததற்கும் வித்தியாசம் பெரிது.

```r
lm(richness ~ cover, data = d)
lm(richness ~ cover + factor(patch), data = d)
```

முதல் வரி ஆசிரியர்களின் கணக்கு. இரண்டாவது, ஒரே துண்டுக்குள் இருக்கும் கட்டங்களை மட்டும் ஒன்றோடொன்று ஒப்பிடுகிறது. சாலையின் தொலைவு, துண்டின் வரலாறு என்று துண்டு முழுவதற்கும் பொதுவாக உள்ள எதுவும் இரண்டாவது கணக்கில் குறுக்கே வராது. முதல் கணக்கில் சாய்வு ஒரு சதவீத மூடலுக்கு −0.12 இனங்கள். இரண்டாவதில் −0.01, confint() கொண்டு பார்த்தால் அதன் 95 சதவீத நம்பிக்கை இடைவெளி −0.07 முதல் 0.05 வரை. அதாவது ஒரே துண்டுக்குள் புதர் கூடிய கட்டத்திலும் குறைந்த கட்டத்திலும் இனங்கள் ஏறக்குறைய ஒரே அளவுதான். கட்டுரையின் −0.12 அந்த இடைவெளிக்குள்ளேயே வரவில்லை.

இதைப் பார்த்ததும் "ஆக, சாலைதான் காரணம், புதர் இல்லை" என்று எழுதக் கை துடிக்கும். எழுதாதீர்கள். நீங்கள் யாரைத் திருத்த வந்தீர்களோ அவர்கள் செய்த அதே பிழை அது. சாலையும் வெறும் ஒட்டுறவுதான், அதிலும் ஆறே துண்டுகளில். புதர் ஒரு துண்டு முழுவதும் விதை வரத்தைக் குறைத்திருந்தால், துண்டுக்குள் ஒப்பிடும்போது அது தெரியாமலே போகும். புதரின் பாதிப்பு வெளிப்படப் பல ஆண்டுகள் ஆகும் என்றால், நேற்று மூடிய கட்டத்தில் இனங்கள் இன்னும் உயிரோடு நிற்கும். இந்தத் தரவால் இரண்டு விளக்கங்களையும் பிரித்துச் சொல்ல முடியாது என்பது வரைதான் நீங்கள் சொல்லலாம். உங்கள் வாதத்துக்கு அதுவே போதும்.

எதைச் சேர்க்கச் சொல்கிறீர்கள் என்பதில் கவனம்

அனுபவமுள்ள மதிப்பீட்டாளர்களும் தவறும் இடம் இது. மூன்றாவது காரணி என்றதும் "வெளிச்சம், மண் ஈரம், சத்து எல்லாவற்றையும் மாதிரியில் சேர்க்கவும்" என்று எழுதிவிடுவார்கள். கொஞ்சம் நில்லுங்கள். அம்புக்குறிப் படத்துக்குத் திரும்பிப் போங்கள்.

தரையில் அளந்த வெளிச்சத்தை எடுத்துக்கொள்வோம். புதர் அடர்ந்தால் அதன் கீழே நிழல் விழும், நிழலில் நாற்றுகள் சாகும். அப்படியானால் தரை வெளிச்சம் புதரின் பாதையிலேயே நடுவில் நிற்கிறது. அதை மாதிரியில் சேர்த்தால் புதரின் உண்மையான பாதிப்பையே துடைத்துவிடுவோம். பிறகு பாதிப்பு இல்லை என்று வரும், அதுவும் தவறாக. ஆனால் மேலே மரக்கிளைகளின் மூடல் வேறு விஷயம். மரம் விழுந்து வானம் திறந்த இடத்தில் புதர் வளர்கிறது என்றால், மரமூடல் புதருக்கு முன்பே இருக்கும் காரணி. அதைச் சேர்க்கச் சொல்வது சரி. இரண்டும் வெளிச்சம்தான், ஆனால் ஒன்று புதருக்கு முன்னால், மற்றது பின்னால். மண் சத்தில் இந்தச் சிக்கல் இன்னும் கூடும். உதிர்ந்த இலைகளால் புதரே மண்ணை மாற்றும், மண்ணும் புதரை வரவைக்கும். அங்கே ஒரே முறை எடுத்த அளவை வைத்து எதையும் பிரிக்க முடியாது என்று ஒப்புக்கொள்வதே நேர்மை.

அதனால் ஒரு மாறியைக் கேட்கும்போது அது ஏன் புதருக்கு முந்தையது என்று ஒரு வாக்கியம் சேர்த்து எழுதுங்கள். அந்த வாக்கியத்தை எழுத வரவில்லை என்றால் அந்த மாறியைக் கேட்காதீர்கள்.

இனி, எழுதுங்கள்

அறிக்கையின் முதல் பத்தியில் கட்டுரை என்ன செய்தது என்று நான்கைந்து வரியில் சொல்லுங்கள், அதன் பலத்தையும் குறிப்பாகச் சொல்லுங்கள். இங்கே பலம், 60 கட்டங்களிலும் இனங்களைக் கவனமாக அடையாளம் கண்டு தரவைத் திறந்து வைத்திருப்பது. உங்கள் மறுகணக்கே அதனால்தான் சாத்தியமானது, அதையும் சொல்லுங்கள். அப்புறம் முதன்மைக் கருத்துகள், எண் போட்டு. கடைசியில் சிறு கருத்துகள். சிறு கருத்துகளில் எழுத்துப்பிழை வேட்டை வேண்டாம்.

முதன்மைக் கருத்து ஒன்றை முழுதாக எழுதிக் காட்டுகிறேன்:

"1. தலைப்பும் சுருக்கத்தின் கடைசி வாக்கியமும் புதரே இனக் குறைவுக்குக் காரணம் என்கின்றன. புதர் அதிகமுள்ள மூன்று துண்டுகளும் சாலையிலிருந்து 100 மீட்டருக்குள்ளும், குறைவாக உள்ள மூன்றும் ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலும் உள்ளன (இணைப்பு அட்டவணை). ஆகவே புதரின் பாதிப்பையும் சாலையோரத் தொந்தரவின் பாதிப்பையும் துண்டுகளுக்கு இடையிலான ஒப்பீட்டால் பிரிக்க இயலாது. நீங்கள் பகிர்ந்த தரவில் துண்டை ஒரு காரணியாகச் சேர்த்துப் பார்த்தபோது சாய்வு −0.12இலிருந்து −0.01 ஆகக் குறைந்தது. இதனால் புதருக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. துண்டு முழுவதும் செயல்படும் பாதிப்பும் காலம் கடந்து தெரியும் பாதிப்பும் இந்த ஒப்பீட்டில் தெரியாது. வேண்டுகோள்: (அ) படத்தில் புள்ளிகளைத் துண்டு வாரியாக நிறம் பிரித்துக் காட்டவும், (ஆ) துண்டுக்குள், துண்டுகளுக்கு இடையே என இரண்டு சாய்வுகளையும் தனித்தனியே தரவும், (இ) தலைப்பையும் முடிவையும் இந்த இரண்டு எண்களோடு பொருந்துமாறு மாற்றவும்."

இந்தக் கருத்தில் "நீங்கள் தவறு செய்தீர்கள்" என்ற தொனி எங்கும் இல்லை. எங்கே பார்த்தேன், என்ன பார்த்தேன், எது வரைக்கும் சொல்ல முடியும், என்ன வேண்டும் என்ற வரிசைதான் இருக்கிறது. ஆசிரியர் கோபப்பட்டாலும் செய்யவேண்டிய வேலை கையில் இருக்கும்.

வேதிப்பொருள் கூற்றுக்கு நீளமான வாதம் தேவையில்லை. அது அளக்கப்படவில்லை என்பதால் சுருக்கத்திலிருந்து நீக்கவும், விவாதத்தில் சோதிக்க வேண்டிய கருதுகோளாக ஒரே வாக்கியத்தில் வைக்கவும் என்று கேளுங்கள். மேலாண்மைப் பரிந்துரை பற்றிய கருத்தில் கொஞ்சம் அழுத்தமாகவே இருக்கலாம். அந்தப் பத்தியை வைத்து யாராவது பணம் செலவழித்துப் புதரை வெட்டப் போகிறார்கள். தொந்தரவுதான் மூல காரணம் என்றால், வெட்டிய இடத்தில் அதே புதரோ இன்னொன்றோ முளைக்கும்.

புதிய சோதனை கேட்கலாமா? புதரை அகற்றிய கட்டங்கள், அகற்றாத கட்டங்கள் என்று சாலையோரத்திலும் உள்ளேயும் வைத்துச் சில ஆண்டுகள் பார்த்தால் விடை தெரியும். ஆனால் அது வேறொரு ஆய்வு. இந்தக் கட்டுரைக்கு நிபந்தனையாக அதைப் போடுவது நியாயமில்லை. கேள்வி இதுதான்: முடிவைத் தரவின் அளவுக்கு இறக்கிய பிறகு மிச்சம் இருப்பது வெளியிடத் தக்கதா? என் கணிப்பில் இது பெரிய திருத்தத்துக்கு உரியது. கவனமாக எடுத்த ஒரு கணக்கெடுப்பு, புதரும் தொந்தரவும் எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்று காட்டும் கட்டுரையாக அது மாறலாம். தரவு திறந்து வைக்கப்படாமல் ஆறு துண்டுகளின் சராசரி மட்டும் இருந்திருந்தால் நிராகரிக்கச் சொல்லியிருப்பேன்.

எடிட்டருக்கு மட்டும் போகும் பெட்டியில் இரண்டு மூன்று வரி போதும்: மையக் கூற்று தரவில் நிற்கவில்லை, தரவு நல்லது, முடிவை மாற்ற ஆசிரியர்கள் ஒப்புக்கொண்டால் மறுபடி பார்க்கத் தயார். ஆசிரியர்களிடம் இனிமையாகப் பேசிவிட்டு இந்தப் பெட்டியில் "படுமோசம்" என்று எழுதாதீர்கள். அப்படிச் செய்தால் நிராகரிப்புக் கடிதத்தோடு உங்கள் பாராட்டும் போய்ச் சேரும், ஆசிரியருக்கு ஒன்றும் புரியாது. உங்கள் பரிந்துரைச் சொல்லை ஆசிரியர்களுக்கான பகுதியில் போடாமல் இருப்பதே பல ஆய்விதழ்களில் வழக்கம்.

திருத்தம் திரும்பி வரும்போது

பெரும்பாலும் நடப்பது இது. சுருக்கத்தில் "குறைக்கிறது" என்பது "தொடர்புடையது" என்று மாறியிருக்கும். பதில் கடிதத்தில் மதிப்பீட்டாளரின் கருத்துக்கு நன்றி, சொற்களை மென்மையாக்கிவிட்டோம் என்று இருக்கும். உள்ளே போனால் விவாதத்தின் மூன்றாம் பத்தியில் வேதிப்பொருள் இன்னும் செடிகளைத் தடுத்துக்கொண்டிருக்கும், கடைசிப் பத்தியில் புதரை உடனே அகற்றச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். சொல் மாறியிருக்கிறது, வாதம் மாறவில்லை.

அதனால் பதில் கடிதத்தை முதலில் படிக்காதீர்கள். உங்கள் பழைய தாளை எடுத்து அதே நான்கு இடங்களைப் புதிய பிரதியில் பாருங்கள். பிறகு படத்தில் புள்ளிகள் நிறம் பிரிந்திருக்கின்றனவா என்று பாருங்கள். துண்டுக்குள் சாய்வு −0.01 என்ற எண் முடிவுகள் பகுதியில் இருக்கிறதா, அல்லது இணைப்பின் பதினோராம் பக்கத்தில் ஒளிந்திருக்கிறதா என்று தேடுங்கள். ஒளிந்திருந்தால் அதை முடிவுகள் பகுதிக்குக் கொண்டுவரச் சொல்லி ஒரே ஒரு கருத்து எழுதுங்கள். முதல் சுற்றில் கேட்காத புதுக் கேள்விகளை இந்தச் சுற்றில் கிளப்ப வேண்டாம்.